ஹேண்ட்பிரேக்கை மறித்தது பிரிண்டர்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன மாதம் ஒரு சனிக்கிழமை சாப்பிடப் போனவன், அடுத்த மூன்று வாரக் கடைசிகளும் அங்கேயே கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தேன். அக்கா மகனுக்குப் பதினேழு வயது. கார்ப் பந்தய விளையாட்டுப் பைத்தியம். சேர்த்து வைத்த காசில் பழைய ஜி29 ஸ்டியரிங் வீல் ஒன்றை வாங்கியிருந்தான், பிறகு கண்ணில் மாட்டும் க்வெஸ்ட் 2 ஹெட்செட்டும் கைக்கு வந்துவிட்டது. தம்பியோடு சேர்ந்து விளையாட இரண்டு மூன்று கேம்பேட் ஏற்கனவே வீட்டில் கிடந்தன. கம்ப்யூட்டர் மட்டும் 2014 காலத்தது: ஐ5-4590 பிராசசர், பி85 சிப்செட் உள்ள சின்ன மதர்போர்ட், பிறகு யாரோ போட்டுக்கொடுத்த ஜிடிஎக்ஸ் 1060 ஆறு ஜிபி கார்டு, விண்டோஸ் 10.

"மாமா, இதுல எல்லாத்தையும் ஒண்ணா மாட்ட முடியுமா? போர்ட் பத்தாதுன்னு கடையில சொல்றாங்க" என்றான். கடைக்காரர் சொன்ன தீர்வு புது மதர்போர்ட், புது பிராசசர், புது ரேம். அதாவது கிராபிக்ஸ் கார்டையும் பெட்டியையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் புதுசு. சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

போர்ட் பத்தாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். 2016-இல் முதல் ரிஃப்ட் ஹெட்செட் வந்தபோது, அதற்குப் பரிந்துரைத்த கம்ப்யூட்டரில் மூன்று யூஎஸ்பி 3.0 போர்ட்டும் ஒரு 2.0 போர்ட்டும் கேட்டார்கள். ஹெட்செட்டுக்கு ஒன்று, மேசையில் நிற்க வைக்கும் கேமரா சென்சர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. சென்சர்கள் படத்தை இடைவிடாமல் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். (அந்தப் பட்டியலில் பரிந்துரைத்த பிராசசரும் இதே ஐ5-4590 தான், அக்கா மகனிடம் சொன்னதும் பெருமை தாங்கவில்லை.) க்வெஸ்ட் அப்படியல்ல. கேமராக்கள் ஹெட்செட்டிலேயே இருக்கின்றன, கையில் பிடிக்கும் இரண்டு கன்ட்ரோலரும் ஹெட்செட்டோடு நேராகப் பேசிக்கொள்கின்றன, கம்ப்யூட்டரில் அவற்றுக்கு ஒரு போர்ட் கூட வேண்டாம். வீலும் அப்படித்தான்: பெடல், கியர் இரண்டும் வீலின் அடியில் போய் மாட்டும், வீலிலிருந்து ஒரே ஒரு யூஎஸ்பி வயர் வரும், மோட்டருக்கு மின்சாரம் தனி அடாப்டரில். ஆக, ஹெட்செட் ஒன்று, வீல் ஒன்று, வயர் வைத்த கேம்பேட் இரண்டு, பழைய எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கேம்பேடுகளுக்கான ரிசீவர் ஒன்று, கீபோர்ட், மவுஸ். ஏழு. அந்தப் பெட்டியில் பின்னால் ஆறு, முன்னால் இரண்டு, மொத்தம் எட்டு. கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது?

சரி, அடுத்தது பேண்ட்விட்த். இங்கேதான் நிறையப் பேர் வீணாகப் பயப்படுகிறார்கள். வீல் யூஎஸ்பியில் 'ஃபுல் ஸ்பீட்' வகை, நொடிக்கு 12 மெகாபிட் ஓடும் பழைய வேகம். அந்த வேகத்தில் இந்த மாதிரிச் சாதனம் ஒரு மில்லிநொடிக்கு அதிகபட்சம் 64 பைட்தான் அனுப்ப முடியும். நொடிக்கு ஆயிரம் முறை என்றால் 64,000 பைட், அதாவது சுமார் அரை மெகாபிட். திரும்பி வரும் அதிர்வுக் கட்டளைக்கும் அதே அளவு வைத்துக்கொண்டால் ஒரு மெகாபிட். எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் அதற்கு மேல் போகாது. கேம்பேட் இன்னும் குறைவு. எல்லாவற்றையும் கூட்டினாலும் இரண்டு மூன்று மெகாபிட்டைத் தாண்டாது.

ஹெட்செட் ஒன்றுதான் உண்மையில் தின்னும். ஆனால் அதுவும் கம்ப்யூட்டரில் அழுத்திச் சுருக்கிய வீடியோவைத்தான் வாங்குகிறது, 150 முதல் 200 மெகாபிட் வரை வைத்தால் நன்றாகவே தெரிகிறது. யூஎஸ்பி 2.0 காகிதத்தில் 480 மெகாபிட், கையில் கிடைப்பது 300-ஐ ஒட்டி. யூஎஸ்பி 3.0 காகிதத்தில் 5 கிகாபிட்.

இதில் ஒரு விஷயம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. பழைய நான்கு ஊசிகளில் யூஎஸ்பி 2.0 போகிறது, பின்னால் இருக்கும் ஐந்து புது ஊசிகளில் 3.0 போகிறது. வயரும் வேறு, ஓடும் தடமும் வேறு. வீலையும் கேம்பேடையும் எங்கே மாட்டினாலும் அவை பழைய தடத்தில்தான் ஓடும், ஹெட்செட் புதுத் தடத்தில் ஓடும்வரை ஒன்றின் வழியில் இன்னொன்று குறுக்கே வராது. அதனால் வீலை நீலப் போர்ட்டில் மாட்டுவதால் வீலுக்கு நன்மையும் இல்லை, ஹெட்செட்டுக்குக் கெடுதலும் இல்லை, ஒரு நல்ல போர்ட் வீணாகிறது, அவ்வளவுதான்.

கணக்கெல்லாம் இப்படி இனிப்பாக முடிந்ததும் நானே எழுந்து வயர்களை மாட்டினேன். முதல் நாளே இரண்டு இடத்தில் இடித்தது.

முதல் இடி வயரில். ஹெட்செட்டோடு பெட்டியில் வரும் வயர் இரண்டு பக்கமும் டைப்-சி, சார்ஜ் போடத்தான், அதில் யூஎஸ்பி 2.0-க்கான கம்பிகள் மட்டுமே. இந்தக் கம்ப்யூட்டரிலோ டைப்-சி துளையே இல்லை. பையன் ஒரு சின்ன மாற்றியைச் செருகி முன்பக்க நீலப் போர்ட்டில் மாட்டி வைத்திருந்தான், போர்ட் நீலம் என்பதால் 3.0 ஓடுகிறது என்று நம்பிக்கை. படம் வரத்தான் செய்தது, க்வெஸ்ட் 2.0 வயரிலும் ஓடும். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது மரங்கள் எல்லாம் கரைந்த வண்ணம் மாதிரி இழுபட்டன. ஹெட்செட்டுக்கான கம்ப்யூட்டர் மென்பொருளில் வயரைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அழுத்தினால் ஒரு எண் சொல்லும். 310 மெகாபிட் என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிடும், 300-ஐ ஒட்டி வந்தால் 2.0 தடம்தான், வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு பக்கம் சாதாரண யூஎஸ்பி-ஏ, மறுபக்கம் டைப்-சி வைத்த மூன்று மீட்டர் 3.0 வயர் ஒன்றை 48 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். ஐந்து மீட்டர் கேட்டான் பையன். செப்புக் கம்பி வயரில் 5 கிகாபிட் வேகம் மூன்று மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது, அதற்கு மேல் வேண்டுமானால் நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் சில்லு வைத்ததோ ஒளியிழை வயரோதான் வாங்க வேண்டும், விலை வேறு. உட்கார்ந்துகொண்டு கார் ஓட்டுகிறவனுக்கு மூன்று மீட்டர் தாராளம் என்று வாயை அடைத்தேன்.

புது வயரை அதே முன்பக்கப் போர்ட்டில் மாட்டினால் மறுபடியும் 310. ஒருமுறை மட்டும் 3.0 என்று பிடித்து, இரண்டு நிமிடத்தில் ஹெட்செட் கறுத்து, திரும்பி வரும்போது 2.0 ஆகிவிட்டது. பின்பக்க நீலப் போர்ட்டுக்கு மாற்றியதும் 2.4 கிகாபிட். ஆக வயர் நல்லது, முன்பக்கம்தான் கெட்டது. முன்பக்கப் போர்ட் மதர்போர்ட்டில் நேராகப் பொருத்தியதல்ல. பெட்டிக்குள்ளே அரை மீட்டர் தடித்த வயர் ஒன்று போய் போர்டில் பத்தொன்பது ஊசிச் சொருகியில் மாட்டுகிறது. அந்த அரை மீட்டரும் நம் மூன்று மீட்டரோடு சேர்ந்துகொள்ளும், அதோடு மலிவுப் பெட்டிகளில் அந்த வயரின் தரம் பற்றிக் கேட்கவே வேண்டாம். பென்டிரைவுக்குப் பரவாயில்லை. மூன்று மீட்டர் வயரோடு ஹெட்செட்டுக்கு ஆகாது. போர்ட் இருக்கிறது என்பதற்காக அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்தது. எட்டு என்று எண்ணியதில் ஹெட்செட்டுக்கு உண்மையில் தகுதியானவை பின்னால் இருந்த இரண்டே இரண்டு நீலத் துளைகள்.

அந்த வாரம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை ராத்திரி செய்தி. "மாமா, ஹேண்ட்பிரேக் வாங்கிட்டேன். மாட்டினா வேலை செய்யல."

ஹேண்ட்பிரேக் தனி யூஎஸ்பிச் சாதனம். அதற்காக வீட்டில் இருந்த ஏழு துளை யூஎஸ்பி ஹப்பையும் கொண்டுவந்து வைத்திருக்கிறான். ஹப் வந்ததும் இடம் தாராளமாகிவிட்டதே என்று அக்கா பிரிண்டரை மாட்டினாள், சின்னவன் மைக் மாட்டினான், யாரோ வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டினார்கள். ஹேண்ட்பிரேக்கைச் செருகியதும் திரையின் மூலையில் இப்படி வந்தது:

```
Not enough USB controller resources
```

போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். அதைப் பார்த்ததும் எல்லாரும் நினைப்பது போல அவனும் பேண்ட்விட்த் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தான். ஹெட்செட்டின் வீடியோத் தரத்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறான், விளையாட்டை மூடிவிட்டுப் பார்த்திருக்கிறான். ஒன்றும் மாறவில்லை. மாறாது. ஹெட்செட்டில் எதுவுமே ஓடாதபோதும் இந்தச் செய்தி வருகிறதென்றால், ஓடும் தண்ணீரின் அளவில் குறையில்லை, குழாய்களின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய இன்டெல் போர்டுகளில் ஹெட்செட், வீல் எல்லாம் சேரும்போது முட்டுகிற சுவர் பல நேரம் இதுதான். ஒரு யூஎஸ்பிச் சாதனம் கம்ப்யூட்டரோடு ஒரே குழாயில் பேசுவதில்லை. தகவல் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, ஒலிக்கு ஒன்று, பட்டன்களுக்கு ஒன்று என்று வேலைக்கு ஒரு குழாய் வைத்திருக்கும். எண்ட்பாயிண்ட் என்பது இதைத்தான். அதற்கு மேல் எல்லாச் சாதனத்துக்கும் பொதுவாக, 'நீ யார்' என்று விசாரிக்க ஒரு குழாய் உண்டு. போர்டில் இருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒவ்வொரு குழாய்க்கும் தன் நினைவில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். பி85 இருக்கும் இன்டெல் 8 வரிசைச் சிப்செட்டில் யூஎஸ்பி 3.0-க்கான கன்ட்ரோலர் மொத்தம் 96 இடம்தான் வைத்திருக்கிறது. விண்டோஸ் 10-இல் இயல்பாக, கறுப்பு நீலம் என்று பார்க்காமல் எட்டுப் போர்ட்டும் அந்த ஒரே கன்ட்ரோலரின் கீழ்தான் வருகின்றன. எட்டுத் துளை, நடுவில் ஹப், ஆனால் கணக்குப் புத்தகம் ஒன்று.

சனிக்கிழமை போனதும் USBTreeView என்ற இலவச நிரலை இறக்கி ஓட்டினேன். எந்தச் சாதனம் எந்தத் துளையில், எந்த வேகத்தில், எத்தனை குழாய் திறந்து வைத்திருக்கிறது என்று மரம் மாதிரி காட்டும். Open Pipes என்ற வரியைப் பார்த்து, விசாரணைக் குழாய்க்கு ஒன்று கூட்டிக்கொண்டு, அக்கா வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினேன்.

நான் சந்தேகப்பட்ட வீல் வெறும் 3. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, விசாரணை ஒன்று. ஹெட்செட் இணைப்பில் இருக்கும்போது 11. ஆச்சரியம் எக்ஸ்பாக்ஸ் 360 ரிசீவரில்தான்: 17. நான்கு கேம்பேடுக்கு இடம் வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பட்டனுக்குத் தனியாக, பேச்சு ஒலிக்குத் தனியாக, போக வர இரண்டிரண்டு, ஆக 16, விசாரணை ஒன்று. ஒரு கேம்பேட்கூட ஆன் ஆகாமல் இருந்தாலும் 17-ம் பிடித்தபடியே இருக்கும். பழைய வயர் கேம்பேட் ஒவ்வொன்றும் 8, இரண்டுக்கும் 16. ஹப் 8. ஹப்பே ஏன் எட்டு என்று பையன் கேட்டான். ஏழு துளை ஹப் என்று விற்பது பெரும்பாலும் நான்கு துளை ஹப் இரண்டை ஒன்றின் வாலில் ஒன்று கட்டியது. 3.0 ஹப் என்றால் ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்கு இரண்டாகத் தெரியும், பழைய தடத்துக்கு ஒன்று, புதுத் தடத்துக்கு ஒன்று. நான்கு ஹப், தலைக்கு இரண்டு குழாய். துளை பத்தவில்லை என்று ஹப் வாங்கினால் துளை கூடுகிறது, குழாய் குறைகிறது.

கீபோர்டும் மவுஸும் சேர்ந்து 8. விளக்கெரிகிற கீபோர்ட், அதற்கு மட்டும் நான்கு. இதுவரை 63. மீதி எல்லாம் வீட்டுச் சாமான்: ஸ்கேனர் வைத்த பிரிண்டர் 7, புளூடூத் குச்சி 6, ஹார்ட் டிஸ்க் 5, வெப்கேம் 4, காதில் மாட்டும் ஒலி ஹெட்போன் 4, மைக் 3, பெட்டிக்குள்ளேயே பொருத்திய மெமரி கார்டு ரீடர் 3. இவை 32. கூட்டினால் 95. ஹேண்ட்பிரேக்குக்கு வேண்டியது இரண்டு. 97.

காலண்டரைப் பையனிடம் காட்டிவிட்டு, எழுந்து போய்ப் பிரிண்டர் வயரைப் பிடுங்கினேன். ஹேண்ட்பிரேக்கைக் கழற்றி மறுபடி செருகினேன். டிங் என்று சத்தம், வேலை செய்தது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அக்கா அடுப்படியிலிருந்து, "அப்போ இனிமே பில் பிரிண்ட் எடுக்கணும்னா கார் ஓட்டுறத நிறுத்தணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

காசு செலவில்லாத வழி ஒன்று பயாஸில் இருந்தது, அதை முதலில் முயன்றேன். இந்தத் தலைமுறைப் போர்டுகளில் புதுக் கன்ட்ரோலரோடு பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர்கள் இரண்டும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. இன்டெல் 100 வரிசைச் சிப்செட்டிலிருந்து அவற்றை எடுத்துவிட்டார்கள், ஆகவே இந்த வித்தை இவ்வளவு பழைய போர்டில்தான் நடக்கும், புதுசில் நடக்காது. இவன் போர்டின் பயாஸில் அந்தப் புதுக் கன்ட்ரோலருக்கான `xHCI Mode` என்று ஒரு வரி, அதில் `Smart Auto` என்று இருந்தது. `Disabled` என்று மாற்றிவிட்டுத் துவக்கினால் எல்லாச் சாதனமும் பழைய கன்ட்ரோலர்கள் இரண்டின் கீழ் பிரிந்துவிட்டன, பிரிண்டரோடு சேர்த்து எல்லாம் ஓடின, செய்தி வரவில்லை. கன்ட்ரோலர் எத்தனை தெரிகிறது என்று பார்க்க பவர்ஷெல்லில் இது போதும்:

```
Get-PnpDevice -Class USB -PresentOnly |
  Where-Object FriendlyName -like "*Host Controller*"
```

முன்னால் புதுக் கன்ட்ரோலரும் Extensible என்ற பெயரில் சேர்ந்து வந்தது, இப்போது பழையவை Enhanced என்று இரண்டு மட்டும்.

ஆனால் விலை உண்டு. 3.0 மொத்தமாகப் போய்விட்டது. ஹெட்செட் மறுபடி 300 மெகாபிட் தடத்துக்கு இறங்கியது, வீடியோவை 150-இல் வைத்தால்தான் திக்கவில்லை. அதோடு மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை கொடுக்க வேண்டியது அரை ஆம்பியர், இரண்டரை வாட். 3.0 துளை 0.9 ஆம்பியர், நாலரை வாட். ஹெட்செட் தின்பது இரண்டையும் விட அதிகம், அதன் சொந்தச் சார்ஜரே பத்து வாட். ஆகவே எதில் மாட்டினாலும் பேட்டரி இறங்கும், எவ்வளவு வேகமாக என்பதுதான் கேள்வி. அவன் ஓட்டிப் பார்த்ததில் 3.0 துளையில் இரண்டு மணி நேரத்துக்கு நூறிலிருந்து அறுபது சொச்சம். 2.0-இல் அதே இரண்டு மணி நேரத்தில் முப்பதுக்கு வந்துவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் விளையாடுகிறவனுக்கு இதுவே போதும், இதோடு நிறுத்திக்கொண்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2.4 கிகாபிட்டைக் கண்ணால் பார்த்த பிறகு பையன் இறங்கி வருவானா.

ஞாயிறு காலையில் செந்தூலில் எல்ஆர்டி ஏறி ஹாங் துவாவில் இறங்கி, லோ யாட் கம்ப்யூட்டர் வளாகம் வரை இரண்டு பேரும் நடந்தோம். தேடியது பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி 3.0 கார்டு, நான்கு துளை வைத்தது. அப்படி ஒரு கார்டு வெறும் துளைகளை மட்டும் தருவதில்லை, சொந்தக் கன்ட்ரோலரையும் சொந்தக் கணக்குப் புத்தகத்தையும் கொண்டு வருகிறது. ஹப்புக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். கார்டில் மின்சாரத்துக்குத் தனிச் சொருகி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லாட் தரும் மின்சாரத்தில் ஹெட்செட்டைத் தாங்குமா என்பது சந்தேகம். அப்புறம் என்ன சில்லு என்று தெரிய வேண்டும். ரெனசாஸ் uPD720201 சில்லு வைத்தது 75 வெள்ளிக்குக் கிடைத்தது. நான்காவது மாடியில் ஒருவர் 35 வெள்ளிக்கு ஏழு துளை கார்டு காட்டினார். திருப்பிப் பார்த்தால் சின்னச் சில்லு ஒன்று, பக்கத்தில் ஹப் சில்லு. நான் எதிலிருந்து ஓடி வந்தேனோ அதையே கார்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கார்டு ஸ்லாட்டில் எக்ஸ்1 அளவு, அதாவது ஒரே ஒரு வழித்தடம். போர்டில் அந்த ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0, ஒரு தடத்தில் நொடிக்கு 500 மெகாபைட், பிட் கணக்கில் 4 கிகாபிட். யூஎஸ்பி 3.0-இன் 5 கிகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, நான்கு துளைக்கும் சேர்த்து அவ்வளவுதான். 200 மெகாபிட் தின்னும் ஹெட்செட் ஒன்றுக்கு இது இருபது மடங்கு. இதை விடப் பழைய போர்டில் ஸ்லாட் 1.0 ஆக இருந்தால் 2 கிகாபிட், அதுவும் போதும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால்தான் கூத்து. போர்டில் எக்ஸ்1 ஸ்லாட் இரண்டு, ஆனால் கிராபிக்ஸ் கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன், முதல் எக்ஸ்1 அதன் விசிறிக்கு அடியில் புதைந்து கிடந்தது. வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்க்காதது என் தவறுதான், அதிர்ஷ்டவசமாக இரண்டாவது ஸ்லாட் கீழே காலியாக இருந்தது. சின்னப் போர்டுகளில் பல நேரம் அதுவும் இருக்காது. மின்சாரத்துக்கு சாட்டா சொருகி ஒன்று மிச்சம் இருந்ததால் பவர் சப்ளையிலிருந்தே நேராகக் கொடுத்தேன். நான்கு ஊசி மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வயரை மட்டும் நான் தொடுவதில்லை. அதற்குள் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக் கருகிப்போனதை ஒரு தடவை பார்த்தாயிற்று.

பயாஸைப் பழையபடி `Smart Auto` ஆக்கி, ஹெட்செட்டை மட்டும் புதுக் கார்டில் மாட்டினோம். விண்டோஸ் 10 தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. வயர்ச் சோதனையில் 2.2 கிகாபிட், பின்பக்கத் துளையை விடக் கொஞ்சம் குறைவு, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. போர்டின் கணக்கில் 95-லிருந்து ஹெட்செட்டின் 11 போய் 84, ஹேண்ட்பிரேக்கோடு 86. பிரிண்டரை அக்காவே கொண்டுவந்து மாட்டினாள்.

ஒரு நாள் நன்றாக ஓடியது. மறுநாள் புதுப் புகார்: விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தால் ஹெட்செட் துண்டித்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது விழவில்லை, சும்மா இருந்து திரும்பும்போதுதான் விழுகிறது என்றால் வயரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. Device Manager-இல் புதுக் கார்டின் USB Root Hub-ஐத் திறந்து, Power Management பக்கத்தில் Allow the computer to turn off this device to save power என்ற குறியை எடுக்கச் சொன்னேன். போனிலேயே முடிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நான் துளை மாற்றி மாற்றிச் சோதித்ததில் பையனுக்குக் கோபம் வந்ததே இதனால்தான். சில விளையாட்டுகள் வீல், ஹேண்ட்பிரேக், கேம்பேட் எது எது என்பதை விண்டோஸ் கொடுக்கும் வரிசையை வைத்துத்தான் நினைவில் வைக்கின்றன. துளை மாறினால் வரிசை மாறி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் கார் வலது பக்கம் திரும்பும். எல்லாம் முடிந்த பிறகு எந்த வயர் எந்தத் துளை என்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டிவிட்டோம், பட்டன்களை அதற்குப் பிறகுதான் ஒதுக்கினான்.

மொத்தச் செலவு வயர் 48, கார்டு 75, ஆக 123 வெள்ளி. அக்டோபர் 2025-இல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்ததும், விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை ஏற்காததும் தனிக் கதை, அந்த மதர்போர்டை ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் இந்தக் கார்டைக் கழற்றிப் புதுப் போர்டில் போடலாம், அதனால் காசு வீணில்லை.

முன்பக்க நீலத் துளையில் இப்போது அக்காவின் போன் சார்ஜ் ஆகிறது. போன வாரம் சின்னவன் தனக்கும் ஒரு ஹேண்ட்பிரேக் வேண்டும் என்றான், பெரியவன் காலண்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து மிச்சம் இருக்கு, வாங்கு" என்றானாம்.